புல்தரையில் முளைப்பது புல்லா, கோரையா?

“பெங்களூரு வீட்டுப் புல்தரையில், வெட்டிய ரெண்டே நாளில் இது மட்டும் உயர்ந்து நிக்குது. பிடுங்கினா இன்னும் அதிகமாகுது. படம் இணைச்சிருக்கேன். என்ன புல்லுங்க?”

புல்லே இல்லைங்க, கோரை. படத்துல இலைகள் பளபளன்னு, அடியிலிருந்து மூணு திசையில பிரியுது பாருங்க. புல்லுக்கு ரெண்டு வரிசைதான். பூத்தண்டு ஒண்ணை விரலிடையில் உருட்டிப் பாருங்க. மூணு விளிம்பு தட்டுப்படும், கணு இருக்காது. புல்தண்டு உருண்டையா, கணுவோட இருக்கும்.

பிடுங்கும்போது தழைதான் கையோட வருது. மண்ணுக்குள்ள கருப்பு முத்து மாதிரி கிழங்குகள் வேர்ச்சரத்துல கோத்திருக்கும். சரம் அறுந்ததும் தூங்கிட்டிருந்த கிழங்கும் முளைக்கும். அதனால தண்ணி விட்டு மண்ணை இளக்கி, சின்னக் கடப்பாரையால ஒரு சாண் ஆழம் நெம்பி, கிழங்கோட எடுங்க. மறுபடி தலைகாட்டுறதைப் புதுக்கிழங்கு வைக்கிறதுக்குள்ள, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துடணும். ஒரே தடவையில தீராதுங்க. எடுத்ததை உரக்குழியில மட்டும் போட்டுடாதீங்க, அங்கேயும் முளைக்கும்.