நூறு பவர் டேபிளும் ஒரு செயலியும்: கேள்வி பதில்

கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்டுகள் தங்கள் ஜாப்வொர்க்கைப் பங்கிட்டுக்கொள்ள திருப்பூரில் ஒரு செயலி வரப்போகிறது, மாதக் கட்டணம் உண்டு, சேரலாமா வேண்டாமா என்று பேச்சு கிளம்பியது. கோவையில் 26 வருடம் பொருளாதாரப் பாடம் நடத்தியவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆள் கூடக் கூடத்தான் இந்த மாதிரிச் செயலிக்கு மதிப்புக் கூடும் என்று சொல்லிவைத்தேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூர், பவர் டேபிள் யூனிட் வைத்திருப்பவர்: ஏனுங்க, பேக்கரியில நூறு பேரு டீ குடிச்சா என்ற டீ ருசியாயிருமா? செயலிக்கு மட்டும் ஆள் கூடினா மதிப்புக் கூடுமுன்னு எப்படிங்க சொல்றீங்க?

டீ அப்படியேதான் இருக்கும். ஆனால் உங்கள் யூனிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தைக்க வேண்டிய பீஸ் மலைபோல வந்து குவிகிறது, மெஷின் போதவில்லை. அடுத்த வாரம் மெஷின் சும்மா கிடக்கிறது, கூலி மட்டும் ஓடுகிறது. இந்த மேடு பள்ளத்தை இன்னொரு யூனிட்டோடு சமன் செய்துகொள்ளத்தான் அந்தச் செயலி. நீங்கள் ஒருவர் மட்டும் அதில் இருந்தால் காசுக்குப் பிரயோஜனமில்லை. 30 பேர் இருந்தால், உங்களுக்கு பிளாட்லாக் தையல் மெஷின் தேவைப்படும் நாளில் அவர்களில் யாரிடமாவது அது சும்மா இருக்கும். புதிதாக ஒருவர் உள்ளே வரும்போது தனக்காகத்தான் வருகிறார். ஆனால் ஏற்கெனவே இருக்கும் 30 பேருக்கும் கேட்காமலேயே கொஞ்சம் லாபம் கொடுத்துவிடுகிறார்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஊரில் 100 யூனிட். எல்லோருக்கும் ஒரே அளவு தேவை கிடையாது. மிக ஆவலாக இருப்பவரை 1-ஆம் எண் என்று வையுங்கள். செயலியில் இருக்கும் ஒவ்வோர் ஆளாலும் அவருக்கு மாதம் 99 ரூபாய் லாபம். 2-ஆம் எண்ணுக்கு 98 ரூபாய். இப்படியே இறங்கி, நிலையான கம்பெனி ஆர்டர் கையில் இருக்கும் 100-ஆம் எண்ணுக்குப் பூஜ்யம். மாதக் கட்டணம் 1,600 ரூபாய். ஆவல் அதிகமுள்ளவர்தான் முதலில் சேருவார்.

உள்ளே 19 பேர் என்றால், கடைசியாகச் சேர்ந்த 19-ஆம் எண்ணுக்கு ஆளுக்கு 81 ரூபாய், மொத்தம் 1,539. கட்டணத்துக்கே கட்டவில்லை, விலகிவிடுவார். 18 ஆனதும் 18-ஆம் எண்ணுக்கு 82 வீதம் 1,476. அவரும் போவார். ஆள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் கையில் கிடைப்பதும் குறைகிறது. சரசரவென்று காலியாகிவிடும்.

21 பேர் இருந்தால் கதையே வேறு. 21-ஆம் எண்ணுக்கு 79 வீதம் 1,659. கட்டணம் போக மிச்சம் இருக்கிறது, தங்குவார். வெளியே நிற்கும் 22-ஆம் எண் எட்டிப் பார்க்கிறார். சேர்ந்தால் 78 வீதம் 22 பேருக்கு 1,716. அவரும் சேருகிறார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று யாரும் கூப்பிடாமலே ஏறி, 80-இல் போய்தான் நிற்கும். அங்கே 80-ஆம் எண்ணுக்கு 20 வீதம் சரியாக 1,600. அதற்குமேல் வருபவருக்குக் கட்டுபடியாகாது.

ஆக, 20-க்குக் கீழே இருந்தால் பூஜ்யம், மேலே போனால் 80. இடையில் 50 பேரோடு நிம்மதியாக நடத்தலாம் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. 20 என்பது தராசு சாயும் இடம்.

கோபி, கணக்கு வாத்தியார்: ஐயா, 20-ஆவது ஆள் தன்னையும் சேர்த்தல்லவா எண்ணுகிறார்? தனக்குத் தானே ஜாப்வொர்க் கொடுக்க முடியுமா?

பிடித்துவிட்டீர்கள். எளிதாக இருக்கட்டும் என்று எடுத்த குறுக்குவழி அது. அவரைக் கழித்தால் 20-ஆம் எண்ணுக்கு 80 வீதம் 19 பேர், 1,520. போதாது. 21-ஆம் எண்ணுக்கும் 1,580-தான். 22-இல்தான் 78 வீதம் 21 பேர், 1,638 வருகிறது. அதேபோல் மேலே 80-க்குப் பதில் 79-இல் நிற்கும். சாயும் இடம் இரண்டு எண் நகர்கிறது, சாய்வது மாறவில்லை. கீழே பழைய எண்களையே வைத்துக்கொள்கிறேன், மன்னிக்கவும்.

கோவை, கல்லூரி மாணவர்: சார், இது மெட்கால்ஃப் விதிதானே? ஆள் இரண்டு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்கு. எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, அவ்வளவுதானே?

பாதி சரி தம்பி. 10 பேருக்குள் 45 ஜோடி, 20 பேருக்குள் 190 ஜோடி. ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்கால்ஃபின் பெயரில் வழங்குவது இந்த எண்ணம்தான். ஜோடிகளின் எண்ணிக்கையில் தவறில்லை. ஆனால் எல்லா ஜோடிக்கும் ஒரே மதிப்பு என்று வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். அவிநாசியில் இருக்கும் யூனிட்டுக்கு, பீஸைச் சாயங்காலத்துக்குள் வண்டியில் அனுப்ப முடிகிற தூரத்தில் இருக்கும் 15 பேர்தான் உண்மையில் உதவுவார்கள். கரூரில் 500 பேர் சேர்ந்தாலும் அவருக்கு அதனால் பெரிதாக ஒன்றுமில்லை. பிரிஸ்கோ, ஒட்லிஸ்கோ, டில்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் இதைத்தான் வாதிட்டார்கள். மதிப்பு ஆள் எண்ணிக்கையைவிட வேகமாக வளரும், ஆனால் அந்த எண்ணிக்கையின் வர்க்கம் வளரும் வேகத்துக்கு வெகுவாகக் கீழே என்றார்கள். எந்தச் சூத்திரம் சரி என்பதில் இன்னும் ஒருமனதில்லை. தொழிலுக்குத் தொழில் மாறும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. என் கணக்கில் சாய்வு வந்ததற்குப் பெருக்கல் மட்டும் காரணமில்லை. ஆளுக்கு ஆள் ஆவல் வேறு, கட்டணம் ஒன்று. இரண்டும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தன. இந்த வகைக் கணக்கை 1974-இல் போட்டவர் பெல் ஆய்வகத்தின் ஜெஃப்ரி ரோல்ஃப்ஸ். முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் மாதம் 160 டாலருக்கு விற்றுப் பார்த்தது. கருவி வேலை செய்தது. வாங்கினவருக்குத்தான் கூப்பிட்டுப் பேச ஆளில்லை.

அந்தியூர் பக்கம், விவசாயி: எங்க தோட்டத்துல ரெண்டு டவர் இருந்தும் நெட்வொர்க் எடுக்கறதில்லீங்க. சாயங்காலம் எல்லாரும் போனை எடுத்தா சுத்தமா நின்னுருது. ஆள் கூடினா நல்லதுன்னு நீங்க சொல்றது எப்படிங்க?

ஐயா, நீங்கள் கேட்பது சிக்னல் சமாச்சாரம், நான் பேசுவது வேறு. ஆனாலும் உங்கள் கேள்வியில் விஷயம் இருக்கிறது. டவரைப் பங்கிடும்போது ஆள் கூடினால் நெரிசல். உங்களோடு பேச வேண்டியவர்களும் அந்த ஆட்களில்தான் இருக்கிறார்கள் என்பது லாபம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நம் செயலியிலும் அப்படித்தான். சும்மா கிடக்கும் மெஷின் ஆயிரம் சேர்ந்து, பீஸ் மட்டும் அவ்வளவேதான் என்றால், ஒரே ஆர்டருக்குப் பத்துப் பேர் முட்டிக்கொண்டு கூலியை இறக்கிவிடுவார்கள்.

நாமக்கல், லாரி உரிமையாளர்: இதுல நான் கையைச் சுட்டுக்கிட்டவன். லோடு புடிச்சுக் குடுக்கற செயலி ஒண்ணுல எங்க சைடுல 300 வண்டி சேர்ந்தோம். ஆள் சேந்துச்சு, மதிப்பு சேரலையே?

சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றீர்கள். வண்டிக்காரருக்கு இன்னொரு வண்டிக்காரரால் லாபமில்லை, போட்டிதான். லோடு கொடுப்பவர் வந்தால்தான் லாபம். லோடுக்காரரோ, போன் போட்டால் ஒரு மணி நேரத்தில் வண்டி வருமா என்று பார்க்கிறார். இந்த மாதிரி இரண்டு பக்கச் சந்தையில் இரண்டு பக்கமும் அதனதன் கோட்டைத் தாண்ட வேண்டும். உங்கள் செயலிக்காரர்கள் வண்டியைச் சேர்ப்பது சுலபம் என்று அதை மட்டும் செய்திருப்பார்கள். பதிவு எண்ணிக்கையைக் காட்டி முதலீடும் வாங்கியிருப்பார்கள், அது என் ஊகம். பதிவைப் பார்க்காதீர்கள். வாரம் எத்தனை லோடு முடிந்தது, போன மாதம் சேர்ந்தவர் இந்த மாதமும் திறக்கிறாரா என்று பாருங்கள்.

திருப்பூர், செயலி போடப்போகும் இளைஞர்: அண்ணா, அப்ப முதல் 20 பேரை நான் எப்படித்தான் புடிக்கறது?

கட்டணத்தில் கை வைக்கலாம். 1,600-ஐ 900 ஆக்கினால் சாயும் இடம் 20-இலிருந்து 10-க்கு இறங்கிவிடும். 10-ஆம் எண்ணுக்கு 90 வீதம் 900. முதலில் இலவசம் என்றால் தடையே இல்லை. ஆனால் எப்போது கட்டணம் போடுகிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. 15 பேர் இருக்கும்போதே 1,600 போட்டால் 15-ஆம் எண்ணுக்குக் கிடைப்பது 1,275-தான். ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிவிடுவார்கள். 40 பேர் ஆன பிறகு போட்டால் 40-ஆம் எண்ணுக்கு 60 வீதம் 2,400. முணுமுணுப்பார், போகமாட்டார்.

நானாக இருந்தால் கட்டணத்தைவிட இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஊர் முழுக்கப் பரப்பாமல், ஏற்கெனவே வேலை மாற்றிக்கொள்ளும் ஒரே ஏரியாவின் 20 யூனிட்டைப் பிடியுங்கள். ஒருவருக்கொருவர் தரும் லாபம் அங்கே அதிகம், அதனால் சிறிய கூட்டத்திலேயே சாய்ந்துவிடும். ஃபேஸ்புக் 2004-இல் ஹார்வர்ட் என்ற ஒரே பல்கலைக்கழகத்துக்குள்தான் தொடங்கியது.

நம்பிக்கையும் ஒரு கை கொடுக்கும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வருடா வருடம் காங்கேயம் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறவர், வாங்குபவர் வருவார் என்று நம்பிப் போகிறார். வாங்குபவரும் அதையே நம்பி வருகிறார். "அடுத்த மாதம் 40 பேர் சேருகிறோம்" என்று உங்கள் ஏரியாவில் எல்லோரும் நம்பிவிட்டால், 5 பேர் இருக்கும்போதே ஆறாமவர் வந்துவிடுவார்.

ஈரோடு, ஜவுளி வியாபாரி: ஒருத்தன் 80-க்குப் போயிட்டா அப்புறம் அசைக்கவே முடியாதுன்னு ஆச்சே. அப்ப ஆர்குட் எப்படிங்க விழுந்துச்சு?

ஃபேஸ்புக் மாதிரியே நண்பர்களைச் சேர்த்த ஆர்குட் தளம் 2004 ஜனவரியில் வந்தது, இந்தியாவிலும் பிரேசிலிலும் கொடிகட்டிப் பறந்தது, 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. ஏறிய படியிலேயே இறங்கியது. என் கணக்கில் 80 பேர் இருக்கும்போது ஐந்தாறு பேர் விலகினால் திரும்பி வந்துவிடுவார்கள். போட்டிக்காரன் வந்து அந்த எண்ணிக்கையை 20-க்குக் கீழே தள்ளிவிட்டால் மீட்க முடியாது. ஃபேஸ்புக்கில் கணக்குத் தொடங்க ஆர்குட்டை விட வேண்டியதில்லை. இரண்டிலும் இருந்துகொண்டே, நண்பர் கூட்டம் எங்கே நடக்கிறதோ அங்கே மெல்ல நகர்ந்தார்கள். பெயர் பதிவில் இருந்தது, ஆள் இல்லை.

திருப்பூர், முதலில் கேட்டவர்: சரிங்க, இந்தத் தம்பியோட செயலி வந்த பின்னாடி இன்னொருத்தரும் ஒண்ணு போட்டா, ரெண்டும் நிக்குமுங்களா?

யுபிஐ-யில் எத்தனை செயலி இருக்கிறது பாருங்கள். எதில் இருந்து அனுப்பினாலும் எதற்கும் போய்ச் சேரும். 2016-இல் அதை அப்படிக் கட்டினார்கள். அதனால் ஆள் கூடும் லாபம் ஒரு செயலிக்குச் சொந்தமாகாமல் மொத்தத்துக்கும் சேருகிறது. உங்கள் ஊர்ச் செயலிகள் இரண்டும் ஒன்றின் ஆர்டரை மற்றதில் காட்டச் சம்மதித்தால் இரண்டும் நிற்கும். சம்மதிக்காவிட்டால், இரண்டுக்கும் கட்டணம் கட்டி இரண்டிலும் இருக்க எத்தனை யூனிட் தயார் என்பதைப் பொறுத்தது. 1,600 வீதம் இரண்டு செயலிக்கு 3,200. உங்களுக்குக் கட்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.