மீண்டும் வந்த மலேரியாவும் ஒத்திப்போடப்பட்ட குளிசையும்

“தமிழ்நாட்டில் வைவாக்ஸ் மலேரியாவுக்குக் குளோரோகுயின் குடித்துக் குணமாகி ஹட்டனுக்குத் திரும்பிய அண்ணனுக்கு இரண்டு மாதத்தில் மறுபடி காய்ச்சல். இங்கே நுளம்பே இல்லையே? பிரிமாகுயின் கொடுக்காமல் ஏன் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கிறார்கள்?”

புதிய நுளம்புக்கடி இதற்குத் தேவையில்லை. வைவாக்ஸ் கிருமிகளில் ஒரு பகுதி ஈரலில் உறங்கிக் கிடந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து விழித்து இரத்தத்துக்குள் இறங்கும். குளோரோகுயின் இரத்தத்திலுள்ளவற்றை மட்டுமே கொல்லும். உறங்குபவற்றை அழிக்கவே பிரிமாகுயின். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமாக நாளுக்கு 15 மில்லிகிராம், 14 நாட்கள். காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

பரிசோதனை ஜி6பிடி என்ற நொதியத்துக்கானது. சிவப்பணுக்களைக் காக்கும் அந்த நொதியம் குறைந்தவர் பிரிமாகுயின் எடுத்தால், சில நாட்களிலேயே அவை உடைந்து, சிறுநீர் பிளேன்டி நிறமாகி, கண் மஞ்சளாகி, மூச்சு வாங்கத் தொடங்கலாம். குறைபாடு பிறவியிலேயே வருவதால், பார்வைக்கு ஆரோக்கியமான ஆளிடமும் அது இருக்கலாம். இரத்தத்திலுள்ள கிருமிக்கான சிகிச்சையை உடனே தொடங்கலாம். ஈரலுக்கான மருந்து சில நாள் பொறுத்தாலும் கெடுதியில்லை.

குறைபாடு இருந்தாலும் வழி அடைபடாது: மருத்துவக் கண்காணிப்பில், கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் பிரிமாகுயினை வாரம் ஒருமுறை, எட்டு வாரங்களுக்குக் கொடுப்பதுண்டு. முன்பு வாங்கிய பிரிமாகுயின் குளிசை வீட்டில் மிஞ்சியிருந்தால், முடிவு வரும்வரை அண்ணன் அதைத் தொட வேண்டாம்.