ஆன்-கால் அலவன்ஸ்: காத்திருப்புக்கு ஒரு கணக்கு, வேலைக்கு ஒரு கணக்கு

“ராத்திரி கால் வந்தால் மட்டும் காசு, வராத வாரத்துக்கு ஒன்றும் கிடையாது என்கிறது மேனேஜ்மென்ட். இது சரியா?” (ஹெச்.ஆர்., சென்னை)

சரியில்லை. சிஸ்டத்தில் பிரச்சினை வந்தால் உடனே பார்க்க வேண்டும் என்பதால், கால் வராத ராத்திரியிலும் ஆன்-கால் பொறுப்பில் இருக்கும் இன்ஜினியர் லேப்டாப்பை விட்டு நகர முடியாது, சினிமாவுக்குப் போக முடியாது. அதற்கான தொகைதான் ஸ்டாண்ட்பை அலவன்ஸ். எழுந்து வேலை பார்த்த நேரத்துக்குத் தருவது கால்-அவுட் தொகை. இரண்டையும் பாலிசியில் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். ஒன்றாகக் கலந்தால் அலாரம் அதிகம் அடிக்கும் சிஸ்டத்தைப் பார்க்கிறவருக்கும் அமைதியான சிஸ்டத்தைப் பார்க்கிறவருக்கும் ஒரே தொகை போகும். மூன்றாவது மாதமே சண்டை வரும்.

“தமிழ்நாட்டில் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டமே இருக்கிறது. அப்படியென்றால் ஸ்டாண்ட்பை நேரம் முழுவதற்கும் இரட்டைச் சம்பளம் கேட்கலாமே?” (சப்போர்ட் இன்ஜினியர், கோவை)

பாதி சரி. 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இரட்டை விகிதம் சொல்வது கூடுதலாக வேலை செய்த நேரத்துக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. வீட்டில் காத்திருப்பதும் வேலையா என்பது வேறு கேள்வி.

ஐரோப்பிய நீதிமன்றம் இதை இரண்டு வழக்குகளில் பார்த்தது. 2018-இல், 8 நிமிடத்தில் நிலையத்துக்கு வந்து சேர வேண்டிய பெல்ஜிய தீயணைப்பு வீரரின் காத்திருப்பை வேலை நேரம் என்றது. 2021-இல், ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டிய ஸ்லோவேனியா ஒளிபரப்பு நிலைய டெக்னீஷியன் விஷயத்தில், மொத்தக் கட்டுப்பாடும் எவ்வளவு கடுமை என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. நம் ஊர் நீதிமன்றங்களை இவை கட்டுப்படுத்தாது. ஆனால் ரெஸ்பான்ஸ் நேரத்தைக் குறைக்கக் குறைக்க அலவன்ஸ் ஏற வேண்டும் என்று வாதிட இவை நல்ல ஆதாரம்.

“நான் நிரந்தர நைட் ஷிப்ட். எனக்கும் ஸ்டாண்ட்பை அலவன்ஸ் வருமா?” (நெட்வொர்க் சப்போர்ட், ஓசூர்)

வராது. உங்களுக்கு உரியது ஷிப்ட் அலவன்ஸ். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் போனைப் பார்க்கச் சொன்னால்தான் ஸ்டாண்ட்பை கணக்கு ஆரம்பிக்கும்.

“ரெஸ்பான்ஸ் டைம் 15 நிமிடம் என்று போட்டிருக்கிறோம். 15 நிமிடத்தில் பிரச்சினை தீரவில்லை என்று கிளையன்ட் அபராதம் கேட்கிறார்.” (டீம் லீட், சென்னை)

15 நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டதுதான் காரணம். மூன்று கட்டமாகப் பிரித்து எழுதுங்கள்: அலர்ட்டை ஏற்க 15 நிமிடம், லாகின் செய்து பார்க்கத் தொடங்க 30 நிமிடம், சரி செய்ய எவ்வளவு என்பது பிரச்சினையின் தீவிரத்தைப் பொறுத்தது. முதல் ஆள் 15 நிமிடத்தில் ஏற்காவிட்டால் அலர்ட் தானாக இரண்டாவது ஆளுக்குப் போக வேண்டும். அவருக்கும் ஸ்டாண்ட்பை தொகை உண்டு, பாதியாவது.

தவறும் அலர்ட்டுகளில் பல, போன் ‘டு நாட் டிஸ்டர்ப்’-இல் இருந்ததால் தவறியவை. அலர்ட் வரும் எண்ணுக்கு அதில் விலக்கு கொடுத்து, பொறுப்பேற்கும் அன்றே ஒரு டெஸ்ட் அலர்ட் அனுப்பிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பிராட்பேண்ட் விழும்; வேறு நெட்வொர்க் சிம் ஒன்றைக் கம்பெனி செலவில் கொடுங்கள்.

“ஒரு வாரக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா? ஒரே ராத்திரியில் இரண்டு கால் வந்தால் குழப்பமாகிறது.” (பேரோல், மதுரை)

பாலிசியில் வார நாள் இரவுக்கு 400 ரூபாய், சனி, ஞாயிறு தலா 800, கால்-அவுட் குறைந்தபட்சம் ஒரு மணி நேரம் இரட்டை விகிதத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்ட்பை மட்டும் 2,000 + 1,600 = 3,600.

மாதச் சம்பளம் 60,000 என்றால், 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 288.46, இரட்டித்தால் 576.92. புதன் இரவு 2:10-க்கு முதல் கால், 2:50-க்கு முடிந்தது. 2:55-க்கு அடுத்தது, 3:50-க்கு முடிந்தது. தனித்தனியாக எண்ணினால் இரண்டு மணி நேரம், 1,154 ரூபாய். ஆனால் முதல் காலின் ஒரு மணி நேரம் 3:10 வரை ஓடுகிறது. அதற்குள் வந்ததால் இரண்டையும் சேர்த்து 1 மணி 40 நிமிடமாக எடுத்தால் 962 ரூபாய். எந்த முறை என்றாலும் சரி, எழுத்தில் இருக்க வேண்டும். நான் சேர்த்து எண்ணும் முறையைத்தான் எழுதுவேன். வாரத்துக்கு மொத்தம் 4,562.

பொய் அலாரத்துக்கும் தொகை கொடுங்கள். காசு போனால்தான் அந்த அலர்ட்டின் அளவைத் திருத்த ஆள் வருவார்கள்.

“3:50 வரை விழித்தவர் காலை 9 மணிக்கு வர வேண்டுமா?” (அதே டீம் லீட்)

வேண்டாம். ஜெர்மனியில் வேலை முடிந்த பிறகு தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு சட்டமே கேட்கிறது. குறைந்தது, நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவர் மறுநாள் மதியம் வரலாம், லீவு கழியாது என்று எழுதுங்கள். அலவன்ஸ் கொடுத்தோமே என்று ஓய்வை மறுக்கக் கூடாது.

“எங்கள் டீமில் மூன்றே பேர். ரோட்டா எப்படி?” (ஸ்டார்ட்-அப், சென்னை)

மூன்று பேர் என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ஒருவர் லீவு போட்டால் ஒன்று விட்டு ஒரு வாரம். இதற்கு நல்ல வழி இல்லை. டெவலப்பர்களையும் ரோட்டாவில் சேருங்கள், அல்லது இரவு 11 முதல் 6 வரை மிகத் தீவிரமான அலர்ட் மட்டும் அடிக்கட்டும். பிந்தையதைக் கிளையன்ட் ஒப்புவாரா என்பது உங்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பதைப் புதன் காலை 11 மணிக்கு வையுங்கள். வெள்ளி மாலை வேண்டாம். பொங்கல், தீபாவளி வாரங்களை ஆறு மாதம் முன்பே சுழற்சியில் போட்டுவிடுங்கள். யாராவது வாரத்தை மாற்றிக்கொண்டால் ரோட்டாவில் பதிவான பெயருக்கே தொகை போகும்.