“குழப்பம்” என்று வந்த அறிக்கையை எப்படிப் படிப்பது?

உங்கள் மகளின் நாட்டச் சோதனை, திறன் சோதனை அறிக்கைகள் இரண்டையும் பார்த்தேன் அம்மா. கணினி முடிவுரையில் “நாட்டங்களில் ஒத்திசைவு குறைவு” என்று இருப்பதைப் படித்துவிட்டு, பிள்ளை குழம்பிப்போய் இருக்கிறாள் என்று பயந்திருக்கிறீர்கள். அவளுடைய சித்தப்பாவோ, “எண் திறன் 62தானே, நல்ல கோச்சிங் கொடுத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடலாம்” என்கிறார். இரண்டும் அறிக்கையைத் தவறாகப் படித்ததால் வருபவை.

முதலில் அந்த 62. அது நூற்றுக்கு 62 மதிப்பெண் இல்லை, பெர்சென்டைல். அதாவது, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அதே வகுப்பு மாணவர்களில் ஏறக்குறைய 62 சதவீதம் பேர் அவளுக்குக் கீழே இருக்கிறார்கள். சராசரியை விடச் சற்று மேல்தான். இந்த எண்ணும் அசையாத ஒன்றில்லை. மறுபடி எழுதினாலும் ஏறக்குறைய அதே முடிவைத் தரும் நம்பகத்தன்மை 1க்கு 0.90 உள்ள ஒரு நல்ல சோதனையில்கூட, அளவீட்டுப் பிழையைக் கணக்கில் எடுத்தால் 62 என்பது ஏறக்குறைய 50 முதல் 73 வரை உள்ள ஒரு பட்டை. அவளுடைய மொழித் திறன் 54; அதன் பட்டை 41 முதல் 66 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே “மொழியை விடக் கணக்கு நன்றாக வருகிறது” என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. இட உணர்திறன் 88. அதன் பட்டை 80 முதல் 93 வரை. இது மற்ற இரண்டையும் தொடவில்லை. நம்பிப் பேசக்கூடிய வேறுபாடு இதுதான். ஒரு பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது, தட்டையான படத்தை மடித்தால் என்ன வடிவம் வரும் என்று கண்டுபிடிப்பது போன்ற கேள்விகளில் அவள் தனித்து நிற்கிறாள்.

அடுத்தது நாட்டம். ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் வகுத்த ஆறு நாட்ட வகைகளை வைத்துத்தான் இந்தச் சோதனை அமைந்திருக்கிறது. 50க்கு அவள் எடுத்தவை: செயல் 41, சமூகம் 38, ஆய்வு 29, கலை 24, முனைவு 17, ஒழுங்கு 15. ஹாலண்ட் இந்த ஆறையும் ஓர் அறுகோணத்தில் வைத்தார். பக்கத்துப் பக்கத்து வகைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, எதிர்முனையில் உள்ளவை தூரமானவை. கையால் செய்யும் வேலையை விரும்பும் செயலும், மனிதரோடு பழகி உதவுவதை விரும்பும் சமூகமும் நேரெதிர் முனைகள். கணினி “ஒத்திசைவு குறைவு” என்று சொன்னதற்கு இவ்வளவுதான் பொருள்: இந்த இரண்டும் சேர்ந்து வரும் வேலைகள் குறைவு. குழம்பிய பிள்ளையாக இருந்தால் ஆறு எண்களும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றிருக்கும். இங்கே 41க்கும் 15க்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள்!

குறைவாக உள்ள அந்த வேலைகளில் ஒன்றை உங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை: செயற்கைக் கை கால்களையும் தாங்கு கருவிகளையும் வடிவமைத்துப் பொருத்தும் படிப்பு. புராஸ்தெட்டிக்ஸ் அண்ட் ஆர்த்தோட்டிக்ஸ் என்பார்கள். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீந்த காலை அளந்து, பிளாஸ்டர் துணி சுற்றி அச்செடுக்க வேண்டும். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் காலின் மாதிரி கிடைக்கும். அப்புறம்தான் உண்மையான வேலை. எடையைத் தாங்கக்கூடிய இடத்தில், உதாரணமாக முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரில், மாதிரியைச் சற்றுச் செதுக்கிக் குறைப்பார்கள். எலும்பு துருத்தும் இடத்தில் பிளாஸ்டரைக் கூட்டுவார்கள், அங்கே அழுத்தம் விழாமல் இருக்க. அந்த மாதிரியின் மேல், மீந்த காலை உள்ளே வாங்கிப் பிடிக்கும் குழிக்கூடு உருவாகும். இப்போது சில இடங்களில் ஸ்கேனரும் கணினியும் அச்செடுக்கும் வேலையைச் செய்கின்றன. எங்கே குறைப்பது, எங்கே கூட்டுவது என்ற தீர்மானம் மட்டும் மனிதருடையது. பிறகு அவரை நடக்க வைத்து, நடையைப் பார்த்தபடியே பாதத்தின் கோணத்தைத் திருத்த வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தயங்குபவரிடம் பேசி, எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் வேண்டும். இட உணர்திறன், கைவேலை, மனிதர்மேல் அக்கறை என்று அவளுடைய அறிக்கையில் உயர்ந்து நிற்கும் மூன்றும் இங்கே தேவைப்படுகின்றன.

இதுதான் அவள் விதி என்று நான் சொல்லவில்லை. நாட்டச் சோதனை பிள்ளை சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். பார்த்தே இராத வேலைக்கு “பிடிக்காது” என்று குறித்திருக்கலாம். அதனால் அவள் “மிகவும் பிடிக்கும்” என்று குறித்த கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் “இதை எங்கே செய்து பார்த்தாய்?” என்று கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கம்ப்யூட்டர் வேலைக்கு அதிகம் வேண்டிய நாட்டங்களில் ஒழுங்கு 15, ஆய்வு 29 என்று சொல்லும் பிள்ளையை, சித்தப்பா சொன்னார் என்பதற்காகக் கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்காதீர்கள். எண் திறன் அவளைத் தடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தடை இல்லை என்பது கடனுக்குக் காரணம் ஆகாது. அந்தக் கடனோடு நான்கு வருடம் உட்காரப்போவது அவள்தான். விரும்பிய விடை வரும்வரை அதே சோதனையை மறுபடி மறுபடி எழுதவும் வைக்காதீர்கள். பழகிய கேள்விகளில் திறன் மதிப்பெண் தானாகவே ஏறும், அந்த ஏற்றத்தில் திறன் எதுவும் கூடியிருக்காது.

செயற்கை உறுப்பு மையம் ஒன்றில் அனுமதி கேட்டு, சில நாட்கள் அவளை உட்கார்ந்து பார்க்க விடுங்கள். அதற்குமுன் மேல்நிலைப் பாடங்களைத் தேர்வு செய்ய வேண்டியிருந்தால், இயற்பியலோடு உயிரியலையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.