பீரோவுக்குள் பூஞ்சை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பீரோவில் பச்சை வேப்பிலையைக் கொத்தாகப் போட்டு வைத்தேன். ஒரு வாரத்தில் வெள்ளை வேட்டியில் கறை. வேப்பிலை ஆகாதா? (வாசகர், அரூர்)

வேப்பிலை ஆகும், பச்சை இலை ஆகாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். கையால் நொறுக்கினால் பொடியாகும் வரை நிழலில் காய வைத்து, பழைய மல் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது பூச்சியை ஓரளவு அண்டவிடாது, அவ்வளவுதான். ஈரத்தை உறிஞ்சாது. இன்னொன்று, கஞ்சி போட்ட வேட்டி என்றால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. மாதக்கணக்கில் உள்ளே கிடக்கப்போகும் வேட்டிக்குக் கஞ்சி வேண்டாம்.

தினமும் போடும் சட்டை, பேன்ட்டைத் தேய்க்கக் கொடுத்து, வந்த கவரோடு அப்படியே சுவர் அலமாரியில் வைக்கிறோம். மழைக்காலத்தில் வெள்ளைப் புள்ளியும் மக்கல் வாசனையும் வருகின்றன. கவர் தரமில்லாததா? (வாசகி, ஓசூர்)

கவரின் தரத்தில் ஒன்றும் இல்லை. கவரே வேண்டாம் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

நடப்பதைப் பாருங்கள். தண்ணீர் தெளித்துத் தேய்க்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் மடித்துக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். துணியிலிருந்து கிளம்பும் ஆவிக்கு வெளியே போக வழியில்லை. இரவில் ஓசூர் குளிர்ந்ததும் அது கவரின் உள்பக்கத்தில் முத்து முத்தாகப் படிந்து மறுபடி துணிக்கே இறங்குகிறது. எங்கள் தெருக் கடையிலிருந்து வந்த கவரை ஒருநாள் காலையில் பிரித்தேன், உள்ளே கை வைத்தால் பிசுபிசுத்தது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி சில நாள் நின்றாலே பூஞ்சை பிடிக்கும். கவருக்குள் அதற்கும் மேல்.

வீட்டுக்கு வந்ததும் கவரைக் கழற்றி, துணியை மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். இடுப்புப் பட்டையையும் பாக்கெட் துணியையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. காயாத துணி அலமாரிக்குள் போகக் கூடாது.

அலமாரிக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. தட்டுகளைக் காலி செய்து, ஓர் அடி சதுரப் பிளாஸ்டிக் தாளை உள்சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. குழாய்க் கசிவையோ டைல்ஸ் இடுக்கையோ சரிசெய்யாமல் துணியை மட்டும் துவைத்துப் பயனில்லை. அறைப் பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம், கதவைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே குறையும். எப்படியானாலும் துணி சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

புள்ளி விழுந்ததை வெளியே கொண்டுபோய்த் தட்டி, துணி தாங்கும் சூட்டில் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். கறுப்பாகிவிட்ட புள்ளி பெரும்பாலும் போகாது.

செருப்பு டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் பத்தைச் சேர்த்து பீரோவில் வைத்தேன். பயனே இல்லையே? (வாசகர், பாலக்கோடு)

எப்படி இருக்கும்? கணக்குப் போடுங்கள். பீரோவில் 20 கிலோ பருத்தித் துணி என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலக் காற்றில் அது வழக்கத்தைவிட அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும். சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு குடிக்கும் என்று பார்த்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும். உங்கள் பத்துப் பொட்டலமும் சேர்த்து 50 கிராம் இருக்கலாம், ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்கூடப் பிடிக்காது. அப்புறம் கதவைத் திறக்கும்போதெல்லாம் புதுக் காற்று வேறு.

ஆனால் இறுக்கமாக மூடும் டப்பாவில் ஸ்வெட்டரை நன்றாகக் காயவைத்துப் போட்டு, கூடவே 100 கிராம் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். பிளாஸ்டிக்குக்கு நான் இடம் கொடுப்பது அங்கே மட்டும்தான். நிறம் மாறும் மணிகளில் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். ஆரஞ்சு மங்கிப் பச்சையானதும் ஓவனில் 110 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறம் வரும். பொட்டலத்தோடு சூடாக்காதீர்கள்.

துணியில் நாற்றம் வருகிறது, வழி சொல்லவும். (வாசகர், தர்மபுரி)

எந்தத் துணி? மர அலமாரியா, இரும்பு பீரோவா? எங்கே காயப்போடுகிறீர்கள்? இதெல்லாம் எழுதினால் சொல்லலாம். அதுவரை கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.

பருத்திப் பையில் வைத்தால் ஈரம் உள்ளே போகாதா? (வாசகி, கிருஷ்ணகிரி)

போகும், வெளியேயும் வரும். அதுதான் வேண்டும். பழைய வேட்டியில் தைத்த பை போதும், தூசியும் தடுக்கும். திணிக்காமல் ஒரு பையில் நான்கைந்து துணி. தினமும் உடுத்துவதற்குப் பையே தேவையில்லை.