சி.டி. ரேஷியோ: பெரிய எண் பாதுகாப்பான எண் அல்ல

கேள்வி: எங்கள் நூற்பாலைக்கு 11 கே.வி. இணைப்பு உள்ளது. 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மருக்குச் செல்லும் ஃபீடருக்குப் புதிய பிரேக்கர் பேனல் வாங்கப் போகிறோம். 200/5 சி.டி., அதாவது 200 ஆம்பியரை 5 ஆம்பியராக இறக்கித் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிட்டால் பிற்கால விரிவாக்கத்துக்கும் உதவும், மீட்டரையும் ரிலேயையும் ஒரே கோரில் இணைத்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். மூன்று ஆண்டுகளில் இதே ஃபீடரில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் சேரலாம். அவர் சொல்வது சரியா?

பதில்: இரண்டுமே தவறு. மீட்டரிங் கோர் 30/5, ப்ரொடெக்ஷன் கோர் 100/5 என இரண்டு தனித்தனிக் கோர்கள் கொண்ட சி.டி.யை வாங்குங்கள்.

முதலில் உங்கள் ஃபீடரில் உண்மையில் ஓடும் மின்னோட்டத்தைப் பாருங்கள். 500 கே.வி.ஏ.வை 11 கே.வி.யாலும் 1.732-ஆலும் வகுத்தால் 26 ஆம்பியர் வருகிறது. இது முழுச் சுமையில்தான். இரவு ஷிப்டில் பாதி இயந்திரங்கள் நின்றிருக்கும்போது 8 ஆம்பியர் அளவுக்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 200/5 சி.டி.க்கு இந்த 8 ஆம்பியர் வெறும் 4 சதவீதம். 0.5 வகுப்பு மீட்டரிங் சி.டி. தன் மதிப்பளவில் அரை சதவீதப் பிழைக்குள் இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. 20 சதவீதத்தில் முக்கால் சதவீதமும் 5 சதவீதத்தில் ஒன்றரை சதவீதமும் பிழை இருக்கலாம். 5 சதவீதத்துக்குக் கீழே அந்த வகுப்புக்கு வரம்பே கிடையாது. அதாவது இரவு முழுவதும் உங்கள் மீட்டர் காட்டும் எண்ணுக்கு எவரும் பொறுப்பில்லை. லாரி எடைமேடையில் காய்கறி நிறுப்பதைப் போன்ற வேலை இது. 30/5 போட்டால் அதே 8 ஆம்பியர் 27 சதவீதத்திலும், முழுச் சுமை 87 சதவீதத்திலும் நிற்கும். இரண்டும் நம்பத்தக்க இடங்கள். மின் கட்டணத்துக்கான மீட்டரின் சி.டி. தனியாக சீல் வைத்த பெட்டியில் இருக்கும், அதில் நீங்கள் கை வைக்க முடியாது. ஆனால் கட்டண மீட்டரோடு தகராறு வரும் நாளில் நீங்கள் நீட்டக்கூடிய ஒரே சாட்சி உங்கள் பேனல் மீட்டர்தான் என்பதால், அதைக் குருடாக்கி வைப்பதில் பொருளில்லை.

அடுத்தது கோர்களின் வேறுபாடு. இரண்டும் வெளியில் ஒரே பிசின் வார்ப்புக்குள் அடங்கியிருப்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவற்றிடம் நாம் கேட்பது நேர் எதிரான குணங்களை. மீட்டரிங் கோர் வழக்கமான சுமையில் துல்லியமாக இருக்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட் ஏற்படும்போது சீக்கிரமே செறிவடைந்து, அதாவது இரும்பு இனிமேல் காந்தப்புலத்தை ஏற்க முடியாத நிலையை அடைந்து, மீட்டருக்குப் போகும் மின்னோட்டத்தை அடக்கிவிட வேண்டும். பெயர்ப்பலகையில் பாதுகாப்புக் காரணி 5 என்று போட்டிருந்தால், மதிப்பளவைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்குக்குள் அது கைவிரித்துவிடும் என்று பொருள். ப்ரொடெக்ஷன் கோர் இதற்கு மாறானது. சாதாரணச் சுமையில் ஒரு சதவீதம் பிழை இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஷார்ட் சர்க்யூட் நேரத்தில் செறிவடையாமல் ரிலேக்கு நிலைமையைச் சொல்லியாக வேண்டும். 5பி20 என்பதற்கு, மதிப்பளவின் 20 மடங்கு வரை கூட்டுப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டாது என்று அர்த்தம். ஒரே கோரில் மீட்டரையும் ரிலேயையும் தொடராக இணைத்தால் இரண்டில் ஒன்று ஏமாற்றப்படும். எது என்பது அந்தக் கோர் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

ப்ரொடெக்ஷன் கோருக்கு ஏன் 30/5 போதாது, 100/5 தேவை என்பதற்கு உங்கள் டிரான்ஸ்ஃபார்மரே காரணம். 4.5 சதவீத மின்மறிப்பு உள்ள 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. பக்கத்தில் ஷார்ட் ஆனால், 11 கே.வி. பக்கத்தில் ஏறத்தாழ 580 ஆம்பியர் பாயும். அதை எல்.டி. பிரேக்கர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், உங்கள் எச்.டி. ரிலேயின் உடனடி டிரிப் அளவை அதற்கு மேலே, சுமார் 750 ஆம்பியரில் வைப்பார்கள். 30/5, 5பி10 கோர் 300 ஆம்பியர் வரைதான் உறுதி தருகிறது. 750 ஆம்பியர் வரும்போது அதன் அலைவடிவம் தலை வெட்டுண்டு வெளிவருவதால், ரிலே அதை 750 என்றே அறியாமல் போகலாம். 100/5, 5பி20 கோரோ 2,000 ஆம்பியர் வரை நேர்மையாக இருக்கும். டிரிப் அளவைப் போல இரண்டு மடங்காவது கோர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. இங்கே இரண்டரை மடங்குக்கு மேல் கிடைக்கிறது.

இனி என் தீராத எரிச்சலுக்கு வருகிறேன். பேனல் விற்பவர்கள் "15 வி.ஏ. போட்டால் பலமாக இருக்கும்" என்று சொல்லி விலையையும் ஏற்றிவிடுவார்கள். வி.ஏ. என்பது பலம் அல்ல, அந்தக் கோர் எவ்வளவு பெரிய சுமையை இழுக்க வடிவமைக்கப்பட்டது என்பதன் அளவு. சுழலும் வட்டு கொண்ட பழைய மீட்டர்களும் ரிலேகளும் அதிக வி.ஏ. எடுத்த காலத்தில் எழுதிய ஒப்பந்தப் புள்ளி வாசகத்தை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இன்றும் நகலெடுத்துக் கொண்டிருக்கிறார்கள். இன்றைய மின்னணு மீட்டர் ஒரு வி.ஏ.கூட எடுப்பதில்லை. பேனலுக்குள் போய்வர 10 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மி.மீ. கம்பியையும் சேர்த்தால், 5 ஆம்பியரில் மொத்தம் இரண்டேகால் வி.ஏ. அளவில்தான் வரும். கோரின் துல்லியத்துக்கு உறுதி, மதிப்பிட்ட சுமையின் கால் பங்கிலிருந்து முழுப் பங்கு வரை மட்டுமே. 15 வி.ஏ. கோருக்கு அந்தக் கால் பங்கு 3.75 வி.ஏ.; உங்கள் சுமை அதற்கும் கீழே விழுந்துவிடுகிறது. இன்னொரு சேதமும் உண்டு. சுமை குறைந்தால் கோர் தாமதமாகச் செறிவடையும். ஐந்து மடங்கில் நிற்க வேண்டிய மீட்டரிங் கோர், சுருளின் மின்தடை 0.2 ஓம் என்று கொண்டால், 13 மடங்குக்கு மேலும் மின்னோட்டத்தை மீட்டருக்கு அனுப்பும். ஆகவே மீட்டரிங் கோருக்கு 5 வி.ஏ. கேளுங்கள். ப்ரொடெக்ஷன் கோருக்கு இந்தக் கவலை இல்லை; 10 வி.ஏ. தாராளமாகப் போதும்.

உங்கள் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் வரும் நாளுக்கு ஒரு விதிவிலக்கைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரட்டை ரேஷியோ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களை விற்கிறார்கள். ஒன்றில் பிரைமரி சுருள் இரண்டு பகுதிகளாக இருந்து, வெளியில் உள்ள செப்புப் பட்டைகளை மாற்றி அவற்றைத் தொடராகவோ இணையாகவோ போடலாம். தொடரில் 30 ஆம்பியர், இணையில் 60 ஆம்பியர். இரு நிலைகளிலும் கோர் காணும் ஆம்பியர்-சுற்று மாறாததால், வகுப்பும் வி.ஏ.யும் அப்படியே நிற்கும். ப்ரொடெக்ஷன் கோரும் தானாக 100/5-இலிருந்து 200/5 ஆகிவிடும். இன்னொன்றில் செகண்டரி சுருளின் நடுவில் ஒரு முனை எடுத்திருப்பார்கள். அது மலிவு, இயக்கவும் எளிது. ஆனால் குறைந்த ரேஷியோவில் ஆம்பியர்-சுற்று பாதியாகிவிடுவதால், நீங்கள் முதல் மூன்று ஆண்டுகள் பயன்படுத்தப் போகும் அந்த 30/5 நிலையில்தான் துல்லியமும் சுமைதாங்கும் திறனும் வீழ்ந்திருக்கும். எனவே ஆர்டரில் "பிரைமரியில் மாற்றக்கூடிய 60-30" என்று எழுதுங்கள். வெறுமனே 60-30/5 என்று எழுதினால் எது வரும் என்பது விற்பவரின் விருப்பம். பட்டையை மாற்றும் அதே நாளில் மீட்டரின் பெருக்கல் காரணியையும் ரிலேயில் பதிந்துள்ள ரேஷியோவையும் மாற்றாவிட்டால், மீட்டர் பாதியைத்தான் காட்டும், ரிலே இருமடங்கு மின்னோட்டம் வந்த பிறகே டிரிப் செய்யும்.

30 ஆம்பியர் சி.டி.க்கு ஒரு சிக்கல் உண்டு. உங்கள் 11 கே.வி. பஸ்ஸின் ஷார்ட் சர்க்யூட் அளவு 250 எம்.வி.ஏ. என்றால் 13.1 கிலோ ஆம்பியர் ஒரு வினாடி ஓடினாலும் சி.டி. வெடிக்காமல் தாங்க வேண்டும். இவ்வளவு சிறிய சி.டி.யில் அது உற்பத்தியாளருக்குக் கடினம். அவர் தயங்கினால் தாங்குதிறனை ஒருபோதும் குறைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். மீட்டரிங் கோரை 50/5 ஆக்கி, 0.5எஸ் வகுப்பாகக் கேளுங்கள். 5 சதவீதத்திலேயே அதன் பிழை முக்கால் சதவீதம்தான் என்பதால், 16 சதவீதத்தில் நிற்கும் உங்கள் இரவுச் சுமைக்கு அது போதும்.

கடைசியாக, சரக்கு சரியாக வந்தாலும் வயர் போடுபவர் கெடுக்க முடியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆலையில் கேபிள் முனை வெடித்தபோது ஃபீடர் பிரேக்கர் அசையவில்லை, இன்கமர் டிரிப்பாகி ஆலை முழுதும் இருண்டது. போய்ப் பார்த்தேன். இரண்டு கோர்களும் 100/5; டெர்மினல் பிளாக்கில் மீட்டரிங் கோரின் 1எஸ்1, 1எஸ்2 வயர்கள் ரிலேக்கும், ப்ரொடெக்ஷன் கோரின் 2எஸ்1, 2எஸ்2 வயர்கள் மீட்டருக்கும் இடம் மாறிப் போயிருந்தன. ரேஷியோ ஒன்றே என்பதால் ஒன்பது மாதமாக எந்த அளவீட்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. கையில் இருந்த சோதனை அறிக்கையில் "திருப்திகரம்" என்ற ஒரு சொல்லும் முத்திரையும் மட்டுமே இருந்தன. ஒரு வோல்ட் எண்கூட இல்லை.

உங்களுக்கு நான் சொன்ன 30/5, 100/5 அமைப்பில் இந்தத் தவறு முதல் நாளே வெளிப்படும்: 26 ஆம்பியர் ஓடும்போது மீட்டர் 8 என்று காட்டும். இருந்தாலும் மின்சாரம் கொடுப்பதற்கு முன், பிரைமரியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு கோரின் செகண்டரியிலும் மாறு மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றச் சொல்லி, நீங்களே அருகில் நின்று பாருங்கள். 10 சதவீத வோல்ட் ஏற்றினால் மின்னோட்டம் 50 சதவீதம் தாவும் இடமே செறிவுப் புள்ளி. மேலே சொன்ன மதிப்புகளில் மீட்டரிங் கோர் 10 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் தாவும். ப்ரொடெக்ஷன் கோர் 60 வோல்ட் அளவு வரை அமைதியாக இருக்கும். அந்த இரண்டு எண்களும், எந்த டெர்மினலில் அளந்தது என்பதும் எழுதப்பட்ட தாளில்தான் கையெழுத்து போடுங்கள்.