பயிற்சித் திட்டம் இல்லாத பனியன் கம்பெனிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறிய பனியன் கம்பெனியில் விடுமுறைக்கு இன்டர்ன்ஷிப் கேட்டேன். "அதெல்லாம் இங்க இல்லப்பா" என்று சொல்லிவிட்டார்கள். கடிதமாக எழுதிக் கொடுத்தால் யோசிப்பார்களா? என்ன எழுத வேண்டும்?

ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும், தமிழிலேயே இருக்கட்டும். உங்களுக்கு என்ன வேலை கொடுப்பது, யார் சொல்லித்தருவது என்று யோசிக்க முதலாளிக்கு நேரம் இருந்திருக்காது. "எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்று எழுதினால் அதே யோசனை மறுபடி அவர் தலையில்தான் விழும். அதனால் வேலையை நீங்களே குறிப்பிட்டுக் கேளுங்கள்.

உங்கள் படிப்புக்குப் பொருத்தமான வேலை சாயச் சலான்கள். துணி சாயப்பட்டறைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் எடை போட்டு டெலிவரி சலான் எழுதுவார்கள். 420 கிலோ போய் 391 கிலோ வந்தால் 29 கிலோ குறைவு, ஏறக்குறைய 7 சதவீதம். அது பேசிய கழிவுக்குள் அடங்குகிறதா என்று லாட் லாட்டாகப் பார்க்கச் சிறிய கம்பெனியில் பல சமயம் ஆள் இருக்காது. கடிதத்தின் நடுப்பகுதியை இப்படி எழுதலாம்:

"கடந்த 3 மாதச் சாயச் சலான்களை லாட் வாரியாக எக்செல்லில் ஏற்றி, போன எடை, வந்த எடை, வித்தியாசம் காட்டும் பட்டியல் செய்து தருகிறேன். 6 வாரம், தினமும் காலை 10 முதல் 1 மணி வரை வருகிறேன். கணக்குப் பார்ப்பவரிடம் நாளுக்குப் பத்து நிமிடம் சந்தேகம் கேட்பேன். முதல் வாரம் முடிந்ததும் சரிப்படவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம்."

6 வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய சலான்களை ஏற்றவே இரண்டு வாரம் போய்விடும். மிச்ச நாளில் புதிய லாட்கள் போய்த் திரும்புவதை நீங்களே பார்க்க வேண்டும். ஒரே லாட் இரண்டு தவணையாகவும் வரும். முதல் சலானோடு கணக்கை முடித்தால் நூறு கிலோ காணாமல் போனதுபோலத் தெரியும். கணக்குப் பார்ப்பவரைக் கேட்காமல் அதை முதலாளியிடம் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், நீங்கள் கற்கப்போவதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். "தொழில் அனுபவம்" என்று பொதுவாக எழுத வேண்டாம். சாயப்பட்டறை போன்ற வெளி இடத்துக்கு ஜாப் ஒர்க்காக அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்பாமலும் அங்கிருந்தே விற்கப்படாமலும் இருந்தால், அனுப்பிய நாளிலேயே கைமாறியதாக ஜி.எஸ்.டி. சட்டம் கருதும். பாடத்தில் படித்த இந்த விதி சலானில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க விரும்புவதாக எழுதினால், நீங்கள் எதற்கு வருகிறீர்கள் என்று அவருக்குப் புரியும்.

பட்டியல் கம்பெனி கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது, வாங்குபவர் பெயரும் விலையும் உங்களுக்குத் தேவையில்லை, கல்லூரிக்குத் தரும் அறிக்கையை முதலில் அவரிடம் காட்டுவீர்கள் என்பதையும் சேருங்கள். கம்பெனி விவரம் வெளியே போய்விடுமோ என்பதுதான் அவர் வாய்விட்டுச் சொல்லாத பயம்.

கடிதத்தைச் சனிக்கிழமை கொண்டுபோகாதீர்கள், அது வாரச் சம்பளம் போடும் நாள். செவ்வாய் அல்லது புதன் காலையில் கையில் கொடுங்கள்.